ல, ள, ழ: எது வரும் என்பதைச் சொல்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி

"அவல் நேற்று வேளை முடிந்து வந்தால். தலைவழி என்று சொன்னால்."

இந்த இரண்டு வரிகளில் ஐந்து பிழைகள் இருக்கின்றன. ஆனால் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஐந்துமே தமிழில் உள்ள வடிவங்கள்தான். அவல் உண்ணும் பொருள். வேளை என்றால் நேரம். வழி என்றால் பாதை. வந்தால், சொன்னால் என்பவை "ஒருவேளை அப்படி நடந்தால்" என்று நிபந்தனை சொல்பவை. அதனால்தான் இந்த மூன்று எழுத்துகளில் வரும் பிழை கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் விட்டுவிடும். சொல் அகராதியில் இருக்கிறதே!

எழுதியவர் நினைத்தது இது: "அவள் நேற்று வேலை முடிந்து வந்தாள். தலைவலி என்று சொன்னாள்."

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, வலி, வளி, வழி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது. பட்டியல் வேண்டியதுதான், ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன்பே பெரும்பாலான சொற்களில் எந்த எழுத்து வரும் என்பதை அந்தச் சொல்லை வைத்தே கண்டுபிடித்துவிட முடியும். தமிழில் பேசத் தெரிந்து, இப்போதுதான் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கு இந்த முறை மிகவும் உதவும். பேச்சில் ஏற்கெனவே இருக்கும் அறிவைத்தான் இது பயன்படுத்திக்கொள்கிறது.

முதலில் நாக்கு

மூன்று எழுத்தையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ல சொல்லும்போது நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடுகிறது. ள சொல்லும்போது நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போதும் நாக்கு வளைகிறது, ஆனால் அண்ணத்தில் ஒட்டி நிற்காமல் வருடிச் செல்கிறது. பலருடைய பேச்சில் ழ என்பது ளவாகவே ஒலிக்கிறது. அதனால் காதை மட்டும் நம்பி எழுத முடியாது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: ல பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ற, ன பிறக்கின்றன. ள பிறக்கும் இடத்தில் ட, ண பிறக்கின்றன. இந்த உறவுதான் பின்னால் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

சொல்லின் கடைசியைப் பாருங்கள்

ஒரு பத்தியில் வரும் ல, ள எழுத்துகளில் கணிசமானவை சொற்களின் விகுதிகளிலும் வேற்றுமை உருபுகளிலும்தான் இருக்கும். இவற்றில் குழப்பத்துக்கே இடமில்லை. பன்மை காட்டும் "கள்" எப்போதும் ள். பெண்ணைக் குறிக்கும் அவள், மகள், தோழி வந்தாள், சொல்வாள் எல்லாம் ள். இடத்தைக் காட்டும் "வீட்டில், கையில்" என்பவை ல். "அதனால், என்னால், போனால்" என்பவற்றில் வரும் ஆல் என்பதும் ல். செய்தல், பாடல், எழுதல் போன்ற தொழிற்பெயர்களும் ல். இந்த இடங்களில் ழ வரவே வராது.

உயிரெழுத்து வந்து சேர்ந்தாலும் இவை மாறுவதில்லை. "பூக்கள்" என்று சரியாக எழுதுபவர்கூட அடுத்த வரியில் "பூக்கலில்" என்று எழுதிவிடுகிறார். கள் என்பதோடு இல் சேர்ந்தால் "களில்" தான். "அவளால்" என்ற சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: அவள் என்பதன் ள், ஆல் என்பதன் ல்.

இந்தப் பகுதியில் உண்மையிலேயே சிக்கலானது ஒன்றுதான்: வந்தால், வந்தாள். இரண்டும் சரியான சொற்கள், இரண்டும் "அவள்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வாக்கியத்தில் "அவள்" இருக்கும் இடத்தில் "அவன்" என்று போட்டுப் பாருங்கள். "அவள் வந்தாள்" என்பது "அவன் வந்தான்" என்று மாறும். மாறினால் அது ள். "அவள் வந்தால் புறப்படலாம்" என்பதை மாற்றிப் பாருங்கள்: "அவன் வந்தால் புறப்படலாம்." வந்தால் என்பது அசையவே இல்லை. அசையாவிட்டால் அது ல்.

இந்த ஓர் எழுத்து எவ்வளவு மாற்றுகிறது என்று பாருங்கள். "அவள் கையெழுத்துப் போட்டாள், பணம் வரும்" என்றால் கையெழுத்து ஆகிவிட்டது. "அவள் கையெழுத்துப் போட்டால் பணம் வரும்" என்றால் இன்னும் ஆகவில்லை. நடந்து முடிந்ததும் நடக்காததும் ஒரே எழுத்தில் இடம் மாறிக்கொள்கின்றன.

பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பாருங்கள்

சொல்லின் உள்ளே போனால், அக்கம்பக்கத்து எழுத்துகள் சில சமயம் விடையைச் சொல்லிவிடும்.

ழ ஒருபோதும் இரட்டிக்காது. அதனால் ஒலி அழுத்தமாக இரட்டித்து வந்தால் ழவை அப்போதே ஒதுக்கிவிடலாம். மிஞ்சுவது ல்ல அல்லது ள்ள. பள்ளி, பல்லி, வெள்ளம், வெல்லம், கொள்ளை, கொல்லை. ள, ழ இரண்டும் சொல்லின் முதலில் வருவதில்லை. லாபம், லட்சம் போல முதலில் வந்தால் ல தான்.

இதைவிடப் பயனுள்ளது இன்னொன்று. இந்த ஒலிக்கு அடுத்து க்க, ச்ச, த்த, ப்ப, ந்த போல இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் அது ழ் தான். வாழ்க்கை, மகிழ்ச்சி, வாழ்த்து, காழ்ப்பு, தாழ்ந்த. தமிழில் ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்கள்தான் தமக்கு அடுத்து இப்படி இரட்டை மெய்யைத் தாங்கும். பாய்ச்சல், பார்த்து, வாழ்த்து என்று சொல்லிப் பாருங்கள், புரியும். ல், ள் இரண்டும் தாங்க மாட்டா. ஆகவே "வாள்த்து", "மகில்ச்சி" என்றெல்லாம் ஒரு சொல் இருக்க முடியாது. பொருளே தெரியாத சொல்லாக இருந்தாலும் இந்த விதி வேலை செய்யும். பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது மட்டும் இதைப் பார்க்க வேண்டாம்.

சொல்லை மாற்றிப் பாருங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. சற்று நிதானமாகப் படியுங்கள்.

ஐயமாக இருக்கும் சொல்லின் வேர் ல், ள், ழ் என்ற மெய்யில் முடிந்தால், அதற்கு இறந்தகாலம் காட்டும் உறவுச் சொல் ஒன்றைத் தேடுங்கள். வேரில் ல் இருந்தால் அது ற் ஆகவோ ன் ஆகவோ மாறும். ள் இருந்தால் ட் ஆகவோ ண் ஆகவோ மாறும். ழ் மாறாமல் அப்படியே நிற்கும்.

கல் என்பது கற்றான். நில் என்பது நின்றான். வெல் என்பது வென்றான். கேள் என்பது கேட்டான். ஆள் என்பது ஆண்டான். உருள் என்பது உருண்டான். வாழ் என்பது வாழ்ந்தான். சூழ் என்பது சூழ்ந்தான்.

இனி "கேள்வி" என்று எழுதும்போது ள் தானா என்று தடுமாற வேண்டாம். கேட்டான் என்று சொல்லிப் பாருங்கள். ட் வந்தது, எனவே ள். "கல்வி": கற்றான், ற் வந்தது, எனவே ல். "தோல்வி": தோற்றான், எனவே ல். "கொள்கை": கொண்டான், எனவே ள். "கொலை": கொன்றான், எனவே ல். கொல், கொள் இரண்டும் ஒலியில் எவ்வளவு நெருக்கம்! ஆனால் கொன்றான் என்பதையும் கொண்டான் என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இந்த வேறுபாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எழுதும்போது அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு வழக்கிலும் இந்தச் சோதனை செல்லும். ட்ட, ண்ட என்பவை பேச்சில் கெடுவதில்லை: கேட்டான், உருண்டுச்சு. ற்ற என்பது பேச்சில் த்த ஆகும்: வித்தான், தோத்தான், கத்துக்கிட்டான். ன்ற என்பது ன்ன ஆகும்: நின்னான். ஆக, பேச்சில் ட்ட, ண்ட கேட்டால் ள். த்த, ன்ன கேட்டால் ல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வினையின் பெயர் வடிவமும் இதே உறவைக் காட்டும். முயல், பயில், சுழல் என்பவை முயற்சி, பயிற்சி, சுழற்சி ஆகின்றன. வறள், மிரள், புரள் என்பவை வறட்சி, மிரட்சி, புரட்சி ஆகின்றன. மகிழ், நிகழ், வீழ் என்பவை மகிழ்ச்சி, நிகழ்ச்சி, வீழ்ச்சி ஆகின்றன. ற்சி, ட்சி, ழ்ச்சி: மூன்றும் மூன்று வரிசை, ஒன்றோடொன்று கலப்பதில்லை. "வறண்ட நிலம்" என்று சொல்கிறோம், "வறட்சி" என்று சொல்கிறோம். அப்படியானால் "நிலம் வறள்கிறது" என்பதில் ள் தவிர வேறு எழுத்து வர வழியில்லை.

பெயர்ச்சொல்லாக இருந்தால் அது இன்னொரு சொல்லோடு சேர்ந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். கடல் கடற்கரை ஆகிறது; சொல் சொற்பொருள் ஆகிறது; நெல் நெற்பயிர் ஆகிறது. முள் முட்புதர்; நாள் நாட்குறிப்பு; வாள் வாட்போர். தமிழ் என்பது தமிழ்ப்பாடமாகவே நிற்கிறது, ழ் அசையவில்லை. "மை" சேரும்போது மெல்லின எழுத்து வரும்: நல்ல என்பது நன்மை, வெள்ளை என்பது வெண்மை. மேல், கீழ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மேன்மை, கீழ்மை. மேல் மாறிவிட்டது, கீழ் மாறவில்லை. "எண்ணெய்" என்ற சொல்லுக்குள் எள் இருக்கிறது, ண் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

"கற்கள்" என்ற சிறிய சொல்லை எடுங்கள். ற் இருப்பதால் வேர் கல் என்று தெரிகிறது. கடைசியில் உள்ள ள் பன்மை விகுதி. ஒரு சொல்லில் இரண்டு சோதனைகளும் வேலை செய்கின்றன.

ஆனால் இந்தப் படிக்கு எல்லை உண்டு. இக்கால எழுத்தில் எல்லாச் சேர்க்கையும் மாறுவதில்லை. கால்கள், விரல்கள் என்றுதான் எழுதுகிறோம். நாட்கள், நாள்கள் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. எனவே ஒரு சேர்க்கையில் எழுத்து மாறவில்லை என்பதை வைத்து "அப்படியானால் ழ்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். கால்கள் மாறவில்லையா? சரி, காற்சட்டையைப் பாருங்கள், அங்கே ற் இருக்கிறது. மாற்றம் கிடைத்தால் அது உறுதியான சான்று. கிடைக்காவிட்டால் இன்னொரு சேர்க்கையைத் தேட வேண்டும்.

இன்னொரு எல்லை: வேர் மெய்யில் முடிய வேண்டும். தள்ளு, துள்ளு, அலை, அழை, ஒளி போன்றவை உயிரில் முடிகின்றன. தள்ளினான், அலைந்தான், அழைத்தான், ஒளிந்தான் என்றுதான் வரும். உள்ளே இருக்கும் எழுத்து அசையாது. ஒளிந்தான் என்பதில் ந்த வந்துவிட்டதே என்று ழ போட்டுவிடக் கூடாது.

மூன்றும் வரும் ஒரு சொல்

இதுவரை சொன்னதை ஒரே சொல்லில் செய்து பார்க்கலாம். "தொழிலாளி." இதில் மூன்று எழுத்தும் இருக்கின்றன. தொளிலாளி, தொழிளாலி, தொழிலாழி என்று பல வடிவங்களில் தவறாக எழுதப்படும் சொல் இது.

முதலில் சொல்லைப் பிரிக்க வேண்டும்: தொழில், ஆள், இ. தொழில் செய்யும் ஆள். ஆள் என்பது ஆட்கள் ஆகிறது, ஆட்டம் காணாத சான்று. எனவே கடைசியில் வருவது ளி. முதலாளி, நோயாளி, உழைப்பாளி, எழுத்தாளர், பேச்சாளர் எல்லாவற்றிலும் இதே ஆள் தான் இருக்கிறது, எல்லாவற்றிலும் ள தான். (புத்திசாலி, திறமைசாலி என்பவற்றில் வரும் "சாலி" வேறு விகுதி; அங்கே ல.)

அடுத்து "தொழில்" என்பதன் கடைசி எழுத்து. தொழிற்சாலை, தொழிற்சங்கம் என்கிறோம். ற் வந்துவிட்டது, எனவே ல்.

மிச்சமிருப்பது நடுவில் உள்ள ழி. இதை மாற்றிக் காட்டும் சொல் எதுவும் இல்லை. பக்கத்து எழுத்தும் உதவவில்லை. இதை நினைவில்தான் வைக்க வேண்டும். ஆனால் பாருங்கள், மூன்று ஐயங்களில் இரண்டு தீர்ந்து, மனப்பாடத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

மாறாத சொற்களுக்குக் குடும்பம்

மழை, மலை, புலி, புளி, குலம், குளம், மூலை, மூளை. இந்த மாதிரி நடுவில் எழுத்து நிற்கும் சொற்களை எந்தச் சோதனையும் தொடாது. இவற்றைத் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துபோகும். குடும்பத்தோடு கற்றுக்கொள்ளுங்கள். உறவுச் சொற்களில் எழுத்து மாறாமல் வரும் என்பதால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை கூடவே வரும்.

உலவு, உளவு, உழவு மூன்றும் நல்ல உதாரணம். உலவுதல் நடமாடுவது, உலா, உலாவு அதன் உறவு. உளவு பார்ப்பது உள்ளே நடப்பதை அறிவது. உள், உள்ளே, உளவாளி அதன் உறவு. உழவு நிலத்தை உழுவது. உழவர், உழுதான் அதன் உறவு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைச்சொல்லைக் கட்டிவிட்டால் மூன்றும் பிரிந்து நின்றுவிடும்.

ஒலி, ஒளி இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். ஒலி காதுக்கு, ஒளி கண்ணுக்கு. ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, வானொலி ஒரு குடும்பம். ஒளிர்தல், ஒளிப்படம், கண்ணொளி இன்னொன்று. இங்கே எழுத்து தவறினால் வேலையே மாறிவிடும்: ஒளிப்பதிவாளர் கேமராவைக் கையாள்பவர், ஒலிப்பதிவாளர் குரலையும் ஓசையையும் பதிவு செய்பவர். இரண்டும் உண்மையில் உள்ள பணிகள் என்பதால் படிப்பவருக்குப் பிழை என்றே தோன்றாது. ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்பவையும் அப்படியே. முதலாவது வானொலிக்கு, இரண்டாவது தொலைக்காட்சிக்கு. மூன்றாவதாக ஒழி என்பது இல்லாமல் செய்வது: ஒழிப்பு, ஒழிந்தது.

கடிதங்களிலும் அறிவிப்புகளிலும் எனக்கு அதிகம் கவலை தரும் இணை அளித்தல், அழித்தல். "அவர் எங்களுக்கு வாய்ப்பு அளித்தார்" என்றால் கொடுத்தார். "எங்கள் வாய்ப்பை அழித்தார்" என்றால் இல்லாமல் செய்தார். நன்றி சொல்ல எழுதும் வரி குற்றச்சாட்டாகிவிடும். அளி என்பதற்கு அன்பளிப்பு என்ற சொல்லையும், அழி என்பதற்கு அழிவு என்ற சொல்லையும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். இதே போல "திருமண விழா" என்பதில் ழவுக்குப் பதில் ல வந்தால் அது விலா எலும்பின் விலா.

வேலை, வேளை என்பதற்கு இடமாற்றுச் சோதனை போதும். அந்த இடத்தில் "நேரம்" என்று போட்டால் பொருந்துகிறதா? காலை நேரம், காலை வேளை, பொருந்தினால் ள. "வேலை முடிந்து வந்தாள்" என்று நாம் சொல்ல நினைத்தது பணியை. அதனால் ல.

சில சொற்களில் இரண்டு வடிவமும் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. பவளம், பவழம் இரண்டும் சரி. உளுந்து, உழுந்து இரண்டும் உண்டு. மங்கலம், மங்களம் இரண்டும் வழங்குகின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டுரையில் கடைசிவரை அதையே எழுதினால் போதும்.

தட்டச்சு செய்யும்போது

அறியாமையால் வராமல் விரலால் வரும் பிழையும் இருக்கிறது. ஒலிப்பு முறை விசைப்பலகைகளில் பொதுவாக l அழுத்தினால் ல, L அழுத்தினால் ள, z அழுத்தினால் ழ வரும். Shift விசையை விரல் சரியாக அழுத்தாவிட்டால் ள எல்லாம் லவாகிவிடும். "அவள்" என்பது "அவல்" ஆவதும், "வந்தாள்" என்பது "வந்தால்" ஆவதும் பெரும்பாலும் இப்படித்தான். ஒருவருடைய எழுத்தில் ள இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் ல வந்து, மற்றவை சரியாக இருந்தால், அவர் இலக்கணத்தைப் படிப்பதைவிட விசையைக் கவனிப்பது நல்லது.

எழுதி முடித்ததும் தேடல் பெட்டியில் "ால்." என்று முற்றுப்புள்ளியோடு சேர்த்துத் தேடிப் பாருங்கள். நிபந்தனை சொல்லும் "வந்தால், சொன்னால்" என்பவை வாக்கியத்தின் முடிவில் அரிதாகவே வரும். அவற்றுக்குப் பின் இன்னொரு வினை வர வேண்டும். எனவே முற்றுப்புள்ளிக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு "ால்" என்பதிலும் அவள், அவன் சோதனையைச் செய்யுங்கள். அவனுக்கு மாற்றும்போது "ான்" ஆகிறது என்றால், அங்கே ள் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.